பன்னிரண்டு பாத்திக்கும் ஒரே தண்ணி

அபுல் ஹஸன் விவசாயக் கந்தோரில் பதினெட்டு வருசமாக வயல் மேற்பார்வையாளர். கூட்டம் என்றால் கதிரை அடுக்குவார், தேத்தண்ணிக்குச் சொல்லிவிடுவார், பின்வரிசையில் வாய் பொத்தி உட்காருவார். எண்பத்து மூன்றாம் ஆண்டு கல்முனையில் நடந்த கூட்டத்தில் மட்டும் பொறுமை கைவிட்டுப் போயிற்று.

பட்டம் முடித்து வந்த உத்தியோகத்தர் கலந்தர் சுவரில் பெரிய தாள் ஒன்றைத் தொங்கவிட்டார். சோதனை வயலில் பன்னிரண்டு நெல் பாத்தி. ஆறுக்கு முழு யூரியா, ஆறுக்குப் பாதி. சராசரி விளைச்சலில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே வருகிற போகத்துக்கு விவசாயிகளுக்குப் பாதி யூரியா கொடுத்தால் போதும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்குத்தானே தலை!

ஹஸன் எழுந்தார். மனதில் இருந்த சந்தேகத்தை வயலில் வைத்தே சொன்னபோது, “உங்கட வேலையப் பாருங்க” என்றவர்தான் இந்தக் கலந்தர்.

“சேர், பன்னிரண்டையும் தனித்தனி எண்டு வச்சித்தானே கணக்குப் போட்டீங்க?”

“ஓம். ஒண்டு மற்றதைப் பாதிக்கயில்லை எண்டு வச்சித்தான்.”

“எதை நம்பி அப்பிடி வச்சீங்க?”

“நடுவில வரம்பு இருக்கே.”

“வரம்பில வக்கடை வெட்டித் திறந்து கிடந்ததே சேர். வாய்க்கால் ஒண்டுதான். முழு யூரியாப் பாத்தியில நிண்ட தண்ணிதான் பாதிப் பாத்திக்கு இறங்கினது.”

“கொஞ்சம் போயிருக்கும்.”

“எவ்வளவு எண்டு அளந்தீங்களா?”

“இல்லை.”

“அதில யூரியா கரைஞ்சு போனா, வித்தியாசம் கூடுமா, குறையுமா?”

கலந்தர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். “குறையும்.”

“அப்ப வித்தியாசமே இல்லையா, இருந்தது தண்ணியோட போனதா எண்டு இந்தத் தாளில எப்பிடித் தெரியும்?”

கலந்தர் தாளைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டத் தொடங்கினார். கூட்டத் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“நல்ல கேள்விதான். ஆனா ஊர் ஊராக் கடிதம் நேற்றே போட்டாச்சே. தேத்தண்ணி வந்திட்டா?”

ஹஸனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிவை முதலே அனுப்பிவிட்டு, கேள்வி கேட்க ஒரு கூட்டமாம்! தேத்தண்ணியைத் தொடாமலே சைக்கிளை எடுத்தார்.

பாலமுனையில் ஹஸனின் வீட்டு வாசலில் மச்சான் முகம்மது தம்பி காத்திருந்தார். ஆறு ஏக்கர் வயல் செய்கிறவர். கையில் அந்தக் கடிதம்.

“பாதி யூரியா போதுமாம். கூட வச்சிருக்கிற விளைச்சல் அளவுத் தாளில உங்கட கையெழுத்தும் கிடக்கு மச்சான். எதை வச்சிச் சொல்றீங்க?”

ஹஸன் சைக்கிளைச் சாத்தினார். “அளந்தது சரி. அதை வச்சிச் சொன்னதுதான் பிழை. பாத்திக்குப் பாத்தி தண்ணி ஓடினது. வக்கடையத் திறந்ததே நான்தான்.”

“தெரிஞ்சிருந்தும் ஏன் கையெழுத்து வச்சீங்க?”

கூட்டத்தில் அத்தனை கேள்வி கேட்டவர் குனிந்து சைக்கிள் சங்கிலியைத் தடவிப் பார்த்தார். மச்சான் கடிதத்தை நாலாய் மடித்து, அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டுப் போனார்.