அக்கா வாங்காமல் விட்ட டெபாசிட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் ஃப்ளாட் வாங்கியபோது ஊரில் லிஃப்ட் வைத்த குடியிருப்புகள் குறைவு. அதனால் எங்கள் சங்கத்தார் அந்த லிஃப்ட்டைக் கோயில் தேர் மாதிரி பாதுகாத்தார்கள். உள்ளே மூன்று பக்கமும் பளபளவென்ற ஸ்டீல் தகடு, பின்னால் பாதி உயரத்துக்குக் கண்ணாடி. கட்டில், பீரோ ஏற்றுவதற்கென்று தனி விதிகள் எழுதி லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். காலையில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு, மதியம் இரண்டிலிருந்து நான்கு, இந்த இரண்டு ஸ்லாட்தான். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிற, வருகிற நேரத்தில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது. லிஃப்ட்டின் உட்சுவருக்கும் தரைக்கும் மெத்தென்று ஏதாவது கட்டியாக வேண்டும், அது சாமான் கொண்டுவருகிறவர் பொறுப்பு. பீரோவைக் காலி செய்துதான் ஏற்ற வேண்டும், ஏனென்றால் அது ஆறு பேர் எடை தாங்குகிற லிஃப்ட். கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுக்கக் கூடாது, வாட்ச்மேன்தான் பட்டனை அழுத்திக்கொண்டு நிற்பார். இதற்கெல்லாம் டெபாசிட் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் செகரட்டரி உள்ளே போய்ப் பார்ப்பார், கீறல் இல்லை என்றால் பணம் திரும்ப வரும். காலி செய்துகொண்டு போகிறவர்களுக்கும் இதே விதிகள்தான், கூடவே வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.

தரைத்தளத்தில் இருந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தான் செகரட்டரி. நல்ல மனிதர். ஆனால் விதி என்று வந்துவிட்டால் சொந்த மாமனாருக்கே ஸ்லாட் தராதவர். மாமனார் சோபாவைப் படியில் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

2010 ஆவணியில் என் அக்கா எங்களோடு இருக்க வந்தாள். சிதம்பரத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை டீச்சர் டிரெயினிங் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, வளைகாப்பு வரை செய்தவள். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷம் கூப்பிட்டோம். "தங்கச்சி வீட்ல போயி உக்காந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க" என்பாள். நாலு பேர் இவளுக்கு ஒரு வேளை சோறு போட்டதில்லை, அவர்களுக்காக இவள் பயந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். கடைசியில் ஒரு காய்ச்சலில் யாருமில்லாமல் கிடந்த பிறகுதான் இறங்கி வந்தாள்.

ஆடியில் ஒருவரும் வீடு மாற மாட்டார்கள் இல்லையா, ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் லிஃப்ட்டுக்கு வந்து நின்றார்கள். நான் போய்க் கேட்டபோது ஒரே ஒரு ஸ்லாட்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை காலை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சுத்தமான ராகுகாலம். எங்கள் அபார்ட்மென்டில் அந்த ஸ்லாட் எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். பஞ்சாங்கம் பார்க்காமல் விதி எழுதிவிட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் செகரட்டரியைக் கிண்டல் செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் நல்ல நேரத்திலேயே அக்காவின் கையில் உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் கொடுத்து மேலே அழைத்து வந்துவிட்டோம். "ஆளு நல்ல நேரத்துல வந்தாச்சு அண்ணி. ராகுகாலத்துல வர்றது வெறும் பீரோதானே" என்றார். அக்கா சிரித்தாள்.

டெபாசிட்டை நான்தான் கட்டுவேன் என்று நின்றாள். என் கையைத் தட்டிவிட்டுத் தானே கட்டினாள். நான் கொண்டுவந்த ஜமக்காளங்களைக் கைப்பிடிக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினோம். பீரோ ஏறும்போது கண்ணாடிப் பக்கம் கட்டியிருந்த ஜமக்காளம் சரிந்துவிட்டது. அக்கா சட்டென்று உள்ளே நுழைந்து பீரோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தாள். கண்ணாடி பிழைத்தது, கை கன்றிப்போனது. கண்ணாடி உடைந்தால் உடையட்டுமே என்று நான் கத்தினேன். "மொத நாளே தம்பிக்குக் கெட்ட பேரு வாங்கித் தரணுமா" என்றாள். என் வீட்டுக்காரரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

அதோடு விடவில்லை. அடுத்த வாரமே பழைய புடவைகளையும் சாக்கையும் அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, லிஃப்ட் சுவர் அளவுக்கு மெத்தைகள் தைத்தாள். கம்பியில் கட்ட நாடா, கண்ணாடிக்கென்று தனியாக ஒன்று. சங்கத்துக்கே கொடுத்துவிட்டாள், வைத்திருப்பது மட்டும் எங்கள் வீட்டில். அதன்பிறகு யார் குடிவந்தாலும், யார் காலி செய்தாலும், "நர்ஸக்கா, லிஃப்ட் மெத்த வேணும்" என்று எங்கள் வீட்டு மணிதான் அடித்தது. இவளும் கீழே போய்த் தானே கட்டிக் கொடுத்துவிட்டு வருவாள்.

டெபாசிட்டை மட்டும் திரும்ப வாங்கவில்லை. அன்றைக்கே கீறல் இல்லை என்று செகரட்டரி பார்த்துவிட்டார். பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரும் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். "இருக்கட்டும் தம்பி" என்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் பணம் அங்க எதுக்குச் சும்மா கெடக்குது?"

"போவும்போது மறுபடி கட்டணுமே. அங்கியே இருந்தா ஒரு வேல மிச்சம்."

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். பேருந்து டிக்கெட் பற்றிப் பேசுவது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் சமைத்து, என் பெண்ணுக்குத் தலைபின்னி, என் வீட்டுக்காரரின் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு இருந்தவள், மனசுக்குள் ஒரு காலை வாசலுக்கு வெளியேதான் வைத்திருந்தாள். அன்றிலிருந்து செகரட்டரியைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பணம் ஞாபகம் வரும்.

அடுத்த ஆவணியில் ஒரு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தேன். லிஃப்ட் பக்கத்து வெள்ளைப் பலகையில் அந்த வாரத்து ஸ்லாட்டுகள் எழுதியிருந்தன. வெள்ளிக்கிழமை காலைக்கு நேராக எங்கள் வீட்டு எண். பக்கத்தில் 'காலி செய்தல்'.

படி வழியாகவே ஓடினேன். சிதம்பரத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார்களாம், பழைய போர்ஷன் காலியாக இருக்கிறதாம். "ஒரு வருஷம் இருந்தாச்சுடி. இதுக்கு மேல இருந்தா பாரம். நல்லா இருக்கும்போதே கெளம்பிடணும்" என்றாள். யாராவது ஏதாவது சொன்னோமா என்று கேட்டேன். "சொல்லாம இருக்கும்போதே போறதுதான் மரியாத" என்றாள். அவளோடு சண்டை போடவும் முடியாது, பஞ்சுமூட்டையைக் குத்துவது போலத்தான்.

கொடுமை என்னவென்றால், வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்ற இடத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டிருந்தார். "நீங்க மனுஷன்தானா?" என்று கேட்டேன். "அண்ணி வந்து கேட்டா நான் எப்பிடி மாட்டேன்னு சொல்றது? புடிச்சி வெக்க முடியுமா?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். அவரும் ஆபீசுக்குப் போகவில்லை. என் பெண் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள், ஆனால் தோசை மட்டும் இறங்கியது. பத்தரைக்குக் குட்டி யானை வண்டி வந்து நின்றது. அக்கா கீழே போய், தான் தைத்த மெத்தைகளைத் தானே லிஃப்ட்டில் கட்டிவிட்டு வந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

கட்டிலும் தையல் மெஷினும் இறங்கின. பிறகு பீரோ. வண்டி ஆட்கள் அதைச் சாய்க்கப் போனபோது என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "விதி இருக்குதுப்பா. காலி பண்ணிட்டுதான் ஏத்தணும்."

அக்கா பீரோவைத் திறந்தாள். முதல் தட்டில் என் பட்டுப்புடவைகள். அதற்குக் கீழே என் பெண்ணின் பத்தாவது சர்டிபிகேட், ஊசி போட்ட அட்டைகள். அடுத்த தட்டில் அவருடைய வேட்டிகள், சர்க்கரை மாத்திரை, ஃப்ளாட் பத்திரம், கேஸ் புக். லாக்கரில் என் நகை. எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் அக்காவின் பீரோவில்தான் இருக்கும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது இவ்வளவு நிஜம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுடையது என்று கடைசித் தட்டில் ஏழெட்டுப் புடவைகள் மட்டும் இருந்தன.

அவர் வேட்டிக் கட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். "அண்ணி, இத எங்க வெக்கிறது?"

"உங்க அலமாரில வெய்யுங்க தம்பி."

"அங்க இடம் இல்லியே."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் பட்டுப்புடவைகளைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இது எங்க, அக்கா?" என் பெண் வயிற்றுவலி மறந்து எழுந்துவந்து சர்டிபிகேட்டை நீட்டினாள். "பெரிம்மா, இது?"

அக்கா ஒவ்வொன்றாக வாங்கி இங்கே வைத்துப் பார்த்தாள், அங்கே வைத்துப் பார்த்தாள். எங்கேயும் பொருந்தவில்லை. மழை பெய்தால் நனையும் என்றாள், கரையான் வரும் என்றாள், மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழேயிருந்து வண்டிக்காரர், "எம்மா, நேரமாவுது" என்று குரல் கொடுத்தார். அக்கா கட்டில் இல்லாத தரையில், பத்திரத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"அண்ணி, இதெல்லாம் எங்க வெக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியாது. நிஜமா தெரியாது" என்றார் அவர். வேட்டிக் கட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

பன்னிரண்டுக்குச் செகரட்டரி மேலே வந்துவிட்டார். "அக்கா, டைம் முடிஞ்சிபோச்சு. மதியம் மூணாவது மாடிக்கு ஆளு வர்றாங்க. இனிமே அடுத்த வெள்ளிக்கிழமதான் காலி. எழுதிக்கட்டுமா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராகுகாலத்துல ஆரம்பிச்ச காரியம் நடக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். பிறகு எழுந்தாள். "எழுத வேணாம் தம்பி. கட்டிலயும் மெஷினயும் மட்டும் மேல ஏத்திக்கிறோம், அஞ்சு நிமிஷம் குடுங்க. ஏறினதும் அந்த டெபாசிட்டக் குடுத்துடுங்க. இனிமே அது எதுக்கு அங்க?"

விதியை மீறி ஐந்து நிமிஷம் கொடுத்தார் அந்த மனிதர், அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். அதற்குப் பிறகும் விடாமல் லிஃப்ட்டுக்குள் போய், மெத்தையை விலக்கிக் கண்ணாடியைத் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்து வந்தார். அக்கா அதிலேயே வண்டிக்காரருக்கு வாடகை கொடுத்து அனுப்பினாள்.

மேலே வந்ததும் பீரோ முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி அடுக்கத் தொடங்கினாள். பாதியில் கையை நிறுத்தி என்னைப் பார்த்து முறைத்தாள்.

"கேஸ் புக்க எங்கடி வெச்ச? ஒரு வீட்டுல ஒரு பொருளு வெச்ச எடத்துல இருக்குதா?"