பதினைந்து வருஷத்துக்குப் பிறகு எழுதிய வேலை மனு

நிலாவாரை இலையை மருந்துக்காகக் கப்பலேற்றி வந்த துரை, கம்பெனியை மூடிவிட்டுச் சீமைக்குப் போனார். பாளையங்கோட்டைக் கிடங்கில் பதினைந்து வருஷம் இருந்த என் கணவருக்கு அவர் விட்டுப்போனது ஒரு வரி நற்சாட்சி மட்டும்: நேர்மையானவர், நேரம் தவறாதவர்.

தூத்துக்குடியில் வேறொரு ஏற்றுமதிக்காரருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், முதல் வேலைக்குப் போட்ட மனுவின் நகலைப் பெட்டியிலிருந்து எடுத்தார். வயதை மட்டும் திருத்தி என்னிடம் நீட்டினார். மிஷன் பள்ளியில் படித்த என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும்.

"இதுல பரீட்சை தேறினதும், பாதிரி ஐயர் குடுத்த நற்சாட்சியுந்தான இருக்கு. பெறகு என்ன செஞ்சீக?"

"என்னத்தச் செஞ்சேன்? கிடங்குல இருந்தேன்."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேறு மாதிரி கேட்டேன். "வண்டி வந்து நிக்கி. மொதல்ல என்ன செய்வீக?"

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. மூட்டையின் மேல்வாயில் பார்க்கக் கூடாதாம். நடுவில் கைவிட்டு அள்ள வேண்டுமாம். காம்பும் காயும் நீக்கி, நிறம் பார்த்து மூன்று தரமாகப் பிரிப்பது, ஈரம் இருந்தால் பொதிக்குள் புழுங்கிப் பழுத்துவிடும் என்று திருப்பிக் காயப்போடுவது, கப்பல் ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர் வேலைதான். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதினேன்.

"ஏட்டி, பீத்திக்கிட்ட மாதிரி இருக்கே."

"நீங்க செஞ்சதத்தான எழுதுதேன்."

"கடைசில, பெரிய குடும்பம், வேற கதியில்ல, கருணை காட்டணும்னு எழுது. எல்லாரும் எழுதுததுதான்."

சரி என்றேன். துரை தந்த நற்சாட்சியின் மூலத்தை வைத்துக்கொண்டு, மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஒப்பமிட்ட நகலை இணைத்தேன். சுத்தப்பிரதி எடுக்கும்போது அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை. இத்தனை தெரிந்தவர் ஏன் கெஞ்ச வேண்டும்? விட்டுவிட்டேன். தபாலுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த ஒரு வரி இல்லாததாலேயே மனுவைத் தள்ளிவிடுவார்களோ, என் மிதப்பால் பிள்ளையின் பாலுக்கு வழியில்லாமல் போகுமோ என்று தபால்காரர் தெருவைத் தாண்டும்போதெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து, நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனவர் மறுநாள் மத்தியானம் திரும்பினார். மேனேஜர் ஒரு கூடை இலையை முன்னால் கொட்டித் தரம் பிரிக்கச் சொன்னாராம். பிரித்து முடித்ததும் மனுவை எடுத்துப் புரட்டினாராம்.

"'இம்புட்டு எழுதியிருக்கீரே, குடும்பத்தப் பத்தி ஒரு வரியக் காணுமே, கல்யாணம் ஆவலியா வே'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஆயிட்டு, எழுதினவளே அவதான்னேன். சிரிச்சுட்டு, திங்கக்கெழம வேலைக்கு வந்துரும்னாரு."

அந்த வரியை நான் வேண்டுமென்றேதான் விட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"தெரியும். தூத்துக்குடில வீடு பாக்கணும், ஒனக்கு எந்தப் பக்கம் தோது?"