ஆர்டர் வந்தால் போகும் மனை

என் வீட்டுக்காரர் பாஸ்கலைப் போல லாபம் சம்பாதித்துக்கொண்டே கடன் வாங்குகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அம்பத்தூரில் மூன்று லேத் போட்ட பட்டறை. நூறு ரூபாய் பில்லில் பன்னிரண்டு ரூபாய் லாபம். ஆனால் பதினோரு வருஷமாக ஒழுகுகிற வாடகை வீட்டில்தான் குப்பை கொட்டினோம். எனக்கோ அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்று தீராத ஆசை.

"லாபம் எங்க போச்சு?" என்று கத்துவேன்.

"எங்கியும் போவல ஜெயசீலி. பாதி இரும்பா கீது, பாதி பில்லா கீது" என்பார்.

அதுவும் நிஜம்தான். இரும்புக்குப் பதினைந்து நாளில் பணம் கட்ட வேண்டும். சனிக்கிழமை கூலி நிற்காது. நாங்கள் கடைந்து தரும் பாகங்களை வாங்கும் பெரிய வண்டிக் கம்பெனியோ தொண்ணூறு நாள் கழித்துத்தான் செக் தரும். நடுவிலுள்ள நாட்களை பேங்க் கடன்தான் ஓட்டியது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அந்தக் கம்பெனி மாடலை மாற்றுகிறோம் என்று மூன்று மாதம் ஆர்டரை நிறுத்தியது. நான் ஜெபமாலையும் கையுமாக அழுதேன். நடந்ததோ வேறு. பழைய பில்லுக்கெல்லாம் செக் வந்துகொண்டே இருந்தது. புதிதாக இரும்பு வாங்கும் செலவு இல்லை. பேங்க் கடன் அடைந்து, கையில் அறுபதாயிரம் நின்றது. வேலை நின்றால்தான் எங்களுக்குக் காசு! அடக் கடவுளே, இது என்ன பிழைப்பு!

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மனையைப் பார்த்தோம். நிலத்துக்காரர் மணவாளன், "வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குட்த்துடும்மா" என்றார். சமையலறை எந்தப் பக்கம் என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை ஆர்டர் வந்தது. முன்னைவிட இரண்டு மடங்கு. அவர் வழக்கம்போல பட்டறை முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டுத்தான் பேங்குக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஆர்டர் ரெண்டு மடங்குன்னா, சரக்குலயும் பில்லுலயும் மாட்டிக்கிற பணமும் ரெண்டு மடங்கு. அதுல முக்கால் பங்கு நாங்க தருவோம். கால் பங்கு உங்க சொந்தப் பணமா இருக்கணும்" என்றார் மேனேஜர்.

கணக்குப் போட்டால், அந்தக் கால் பங்குக்கு எங்கள் அறுபதாயிரம் அப்படியே வேண்டும்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த முகம்! கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அந்தக் களை இல்லை.

"எடுங்க. இரும்பு வாங்குங்க" என்றேன்.

"அடுத்த வருஷம் மனை வாங்கிடலாம் ஜெயசீலி. சத்தியமா."

"அடுத்த வருஷம் இதவிடப் பெரிய ஆர்டர் வந்துட்டா?"

அவர் இரும்புக் கடைப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினார். அவருடைய ஆசையே அதுதானே.