மங்கலாக இருந்த ஐந்தாம் தடம்

முந்நூற்று நாற்பது. பேருந்து நிலைய அறிவிப்பாளராக அவர் ஒரு பகல் வேலையில் வழியனுப்பி வைக்கும் வண்டிகளின் எண்ணிக்கை அது. வயது நாற்பத்து மூன்று. இருபது வருடமாக இதே வேலை. சக ஊழியர்களுக்கு அவர் மைக்கக்கா. வீட்டில் மகனைக் குளிக்கக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் யாராவது துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள் என்பது அவர் கணவர் சொல்லும் நகைச்சுவை. கணவர் தையல்காரர். மெதுவாகப் பேசுபவர். ஒரு வீட்டுக்கு ஒரு ஒலிபெருக்கி போதும் என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கக்காவுக்கு வேறு மைக். நகரத்து நீச்சல் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கு அவர்தான் அறிவிப்பாளர். குளத்தங்கரையில் ஒரு மேசை, அதன்மேல் மைக், பக்கத்தில் வாக்கி டாக்கி, கையில் செல்போன். பந்தயம் முடிந்ததும் நேரக் கணிப்பு அறையிலிருந்து கணினித் திரையின் படம் அவர் செல்போனுக்கு வரும். அதைப் பார்த்து முடிவை அறிவிப்பார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணிப்பு அறையில் இருப்பவர் பெயர் ஆந்தை.

ஆந்தை கெட்டிக்காரர். நொடியில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தவறவிடாதவர். ஆனால் சன்னல் இல்லாத அறையில் விளக்கையும் அணைத்துவிட்டு, கணினித் திரையை இருட்டு நிறத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். கருநீலப் பின்னணி, அதில் வெளிறிய எழுத்துகள். சங்கத்தின் பெயர் கத்தரிப்பூ நிறத்தில், நேரம் சாம்பல் கலந்த வெள்ளையில். மைக்கக்கா எத்தனையோ முறை வெள்ளைத் திரைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். “கண்ணுக்கு இதமா இருக்குக்கா” என்பதுதான் பதில். “உன் கண்ணுக்கு இதம், என் கண்ணுக்கு வதம்” என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

அந்த இதம் குளத்தங்கரைக்கு வந்ததும் பல்லை இளித்துவிடும். மேலே வெயில், கீழே தண்ணீர் மின்னல். இரண்டும் திரையில் விழுந்தால் கருநீலம் கருநீலமாக இருப்பதில்லை, சாம்பலாகிவிடும். ஏற்கெனவே மங்கலாக இருக்கும் எழுத்துக்கும் பின்னணிக்கும் இருந்த கொஞ்ச வித்தியாசமும் போய்விடும். இருண்ட திரை கண்ணாடி மாதிரி. முடிவுக்குப் பதில் மைக்கக்காவின் மூக்குதான் தெளிவாகத் தெரியும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழி சங்கத்தில் பிரபலம். முதலில், படத்தைப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்வார். படமாக அனுப்பினால் செல்போன் அதை நசுக்கிச் சின்னதாக்கும், மெல்லிய எழுத்தின் ஓரமெல்லாம் கசங்கிவிடும். பிறகு படம் திருத்தும் செயலியில் போட்டு நிறத்தை எடுப்பார். அதன்பின் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் புரட்டுவார். கடைசியில் வேறுபாட்டைக் கூட்டும் பட்டையை வலது கோடிவரை தள்ளுவார். வெளுத்துக் கிடந்ததெல்லாம் வெள்ளைத் தாளில் கரிய எழுத்தாக எழுந்து நிற்கும். எந்த வெயிலிலும் படிக்கலாம். விரல் பழகிவிட்டதால் பார்வையாளர்கள் கைதட்டி முடிப்பதற்குள் முடிவு தயாராகிவிடும்.

போன மாதத்துப் போட்டி சாதாரணமானதல்ல. ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த கட்டப் போட்டிக்குப் போகும் அணியில் சேர்வார்கள். அவர்கள் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து பதிவு மேசையில் கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இந்த விதியைக் காலையிலிருந்து நாலைந்து தடவை மைக்கில் சொன்னவரும் மைக்கக்காதான்.

பெண்களுக்கான நூறு மீட்டர் மார்பு நீச்சல் பதினொன்றே காலுக்கு முடிந்தது. நாலாம் தடத்துப் பெண் முதலில் தொட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் ஐந்தாம் தடமும் இரண்டாம் தடமும் அடுத்தடுத்துச் சுவரைத் தொட்டன. படம் வந்தது. மைக்கக்கா நிறத்தை எடுத்தார், புரட்டினார், பட்டையைத் தள்ளினார், வாசித்தார். முதலிடம் நாலாம் தடம். இரண்டாமிடம் ஐந்தாம் தடம். மூன்றாமிடம் இரண்டாம் தடம்.

ஐந்தாம் தடத்துப் பெண் தண்ணீரில் இருந்தபடியே துள்ளினாள். அவள் அப்பா படிக்கட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். இரண்டாம் தடத்துப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு உடை மாற்றப் போனாள். அவளைக் கூட்டி வந்திருந்தவர் தாய்மாமன். மூன்றாமிடத்துக்கு மேடை உண்டு, அணியில் இடம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அழுவதானால் வீட்டில் போய் அழுதுகொள்ளலாம், பதினொன்றே முக்கால் பேருந்தை விட்டால் ஒரு மணிக்குத்தான் அடுத்தது என்று சொல்லி அவளைக் கிளப்பினார்.

சங்கச் செயலாளர் சான்றிதழ் எழுதுவதற்காக மைக்கக்காவிடம் செல்போனைக் கேட்டார். ஒரு பெயரின் எழுத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். புரட்டிய படத்தில் எழுத்து தடித்துப் பக்கத்து எழுத்தோடு ஒட்டியிருந்தது. மைக்கக்கா மேசை நிழலில் குனிந்து, வந்தது வந்தபடியே இருந்த மூலப் படத்தைத் திறந்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நிழலில் பார்க்கும்போது வேறொன்று தெரிந்தது. ஆறு வரிகளில் ஐந்து வரிகள் வெளிர் நிறம். ஐந்தாம் தடத்தின் வரி மட்டும் அதைவிட மங்கல்.

அவர் வாக்கி டாக்கியை எடுத்தார்.

“தம்பி, அஞ்சாம் லேன் ஏன் மங்கலா இருக்கு?”

“திருப்பத்துல நடுவர் கை தூக்கியிருக்காருக்கா. முடிவு சொல்ற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். நீங்க பாக்கலையா?”

“எங்கே பாக்க? எல்லாத்தையும் ஒரே கறுப்பாக்கிட்டுல்ல படிச்சேன்.”

நடந்தது இதுதான். பட்டையைக் கோடிவரை தள்ளினால், பாதி வெளிச்சத்துக்கு மேல் இருப்பதெல்லாம் ஒரே வெள்ளையாகும். புரட்டினால் ஒரே கறுப்பாகும். வெளிர் நிறத்துக்கும் சாம்பலுக்கும் இடையில் இருந்த சேதி அங்கேயே செத்துவிடும். ஆந்தையின் இருட்டுத் திரை மங்கல் நிறத்தில் ‘பொறு’ என்று சொல்லியிருந்தது. மைக்கக்கா எல்லாவற்றையும் தெளிவாக்கியதில் அந்த ஒரு சொல்லையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்.

தலைமை நடுவரின் முடிவு சில நிமிடத்தில் வந்தது. மார்பு நீச்சலில் திரும்பும்போது இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஐந்தாம் தடம் ஒரு கையால் தொட்டிருக்கிறது. தகுதி நீக்கம். அப்படியானால் இரண்டாமிடம் இரண்டாம் தடத்துக்கு. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. உடை மாற்றும் அறையில் அந்தப் பெண் இல்லை. விண்ணப்பத்தில் எழுதியிருந்த எண்ணில் அவள் அம்மா எடுத்தார். மாமாவின் செல்போன் அணைந்து கிடக்கிறதாம், பதினொன்றே முக்கால் பேருந்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாராம்.

செயலாளருக்கு வியர்த்தது. சங்கத்தின் மானம் போய்விடும் என்பது அவர் கவலை. ஐந்தாம் தடத்துக் குடும்பத்தை அறைக்குள் கூப்பிட்டுப் பேசலாம், மற்றதை ஆள் விட்டுத் தேடலாம் என்று யோசனை சொன்னார்.

“மைக்ல சொன்னதை காதுக்குள்ள சொல்லித் திருப்ப முடியாதுங்க” என்றார் மைக்கக்கா. “நான் சொன்னது, நானே மாத்திச் சொல்றேன். ஆனா அந்தப் புள்ள அதை மைக்ல முதல்ல கேக்கக் கூடாது.”

எழுந்து நேராக ஐந்தாம் தடத்துப் பெண்ணிடம் போனார். அவளுடைய பயிற்சியாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். தெரிந்துதான் இருந்திருக்கிறது போலும். அப்பாதான் சத்தம் போட்டார். பேரைச் சொல்லி ஊரெல்லாம் கேட்கவைத்துவிட்டு இப்போது பிடுங்குகிறீர்களா, படிக்கத் தெரியாதவர்களுக்கு எதற்கு மைக் என்று கேட்டார். மைக்கக்கா குரலை உயர்த்தவில்லை.

“திட்டணும்னா என்னைத் திட்டுங்கண்ணே. நியாயந்தான். திட்டுறதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா? இன்னொரு புள்ள பஸ் ஏறப் போகுது.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

குளத்தங்கரையின் மூலையில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி படிக்கட்டைப் பார்த்துத் தொங்கியது. மைக்கக்கா நாற்காலியில் ஏறி அதன் திருகைத் தளர்த்தி, மதில் சுவருக்கு அப்பால் பேருந்து நிறுத்தம் இருந்த சாலையைப் பார்த்துத் திருப்பினார். கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்ட செயலாளர், விழுந்தால் அதற்கும் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தார்.

பிறகு மைக். முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு: நூறு மீட்டர் மார்பு நீச்சல் முடிவை நான் தவறாக வாசித்துவிட்டேன், திருத்திய முடிவு இது. அதற்கடுத்தது வெளியே இருப்பவர்களுக்கு. நீச்சல் போட்டியின் குரல் போய், பேருந்து நிலையத்தின் குரல் வந்தது. நீட்டல் இல்லாமல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக: “இரண்டாம் தடத்தில் நீந்திய பெண்ணும் அவருடைய தாய்மாமனும் கவனிக்கவும். நீங்கள் இரண்டாமிடம். பேருந்தில் ஏற வேண்டாம். உடனே பதிவு மேசைக்கு வரவும்.” மூன்று முறை.

நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றிருந்தது. மாமன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். பேருந்தில் ஏறாதே என்று ஒலிபெருக்கி தன்னைப் பார்த்துச் சொன்னால் யார்தான் ஏறுவார்கள் என்று பிற்பாடு கேட்டார். அவர் மட்டுமல்ல, வரிசையில் நின்ற வேறு நாலு பேரும் ஏறாமல் நின்றுவிட்டார்கள். நடத்துனர் ஒலிபெருக்கி இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். வழக்கமாக இவரைப் புறப்படச் சொல்லும் குரல் அது.

பெண் ஓடி வந்தாள், பின்னாலேயே மாமன். பதிவு மேசையில் அவள் கையெழுத்திட்டபோது பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. கை ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.

“நான்தான் மூணாவதுன்னு சொன்னீங்களே” என்றாள் மைக்கக்காவிடம், குற்றம் சாட்டாமல்.

“ஆமா. தப்பாச் சொன்னேன். நீ ரெண்டாவது.”

அடுத்த பந்தயத்துக்கு முன் மைக்கக்கா கணிப்பு அறைக்கே போனார். விளக்கைப் போட்டார். ஆந்தை கண்ணைச் சுருக்கினார். சண்டை பெரிதாக நடக்கவில்லை. முழுப் பழியும் தன்மேல் இல்லை என்று இருவருக்கும் தெரியும், முழுப் பழியும் அடுத்தவர்மேல் இல்லை என்பதும் தெரியும். கணிப்புத் திரை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அனுப்புவது மட்டும் வெள்ளையில் கறுப்பாக வர வேண்டும் என்றார் மைக்கக்கா. உறுதியாகாத வரியைச் சாம்பலில் காட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது, பக்கத்தில் ‘முடிவு நிலுவை’ என்று எழுத்தாலேயே இருக்க வேண்டும். நிறம் வெயிலில் கரையும், எழுத்து கரையாது. ஆந்தை அரைமணி கேட்டார், பத்து நிமிடத்தில் முடித்தார். மாலை வரை அப்படித்தான் வந்தது. புரட்டும் வேலையே இல்லாததால் மைக்கக்கா கையை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார்.

தவறைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. இனி வேறு ஆளைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். மைக்கக்கா கையைத் தூக்கி, தாராளமாகப் போடுங்கள், ஆனால் வருபவருக்கும் அதே வெயில்தான் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த கட்டப் போட்டி வரும் பதினான்காம் தேதி, வேறொரு நகரத்தில். நூறு மீட்டர் மார்பு நீச்சலில் இரண்டாம் தடத்துப் பெண்ணுக்கு அங்கே கிடைத்திருப்பது ஏழாம் தடம்.