மூன்றாவது படத்தில் இருந்தது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனராக ஏறி, இதே திருத்தணியில் நாலு லாரிக்குச் சொந்தக்காரனாக இறங்கினேன். எந்த இன்ஜின் சத்தம் போட்டாலும் காது கொடுத்தே கோளாறு சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனை, உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிரஷர் மிஷின் ஒரு வாரம் ஆட்டிவைத்தது.

என் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. அரக்கோணம் கண் டாக்டர், தினமும் காலையும் மாலையும் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி தருவேன் என்றுவிட்டார். அவர் அறையில் பார்த்தால் எனக்கு எப்போதும் ஏறித்தான் காட்டும். கண் சரியாகாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போவதாக மகன் சொல்லியிருந்தான். இந்த வீட்டை விட்டு நான் எங்கே போவது?

மிஷினோடு வந்த புத்தகத்தில் எறும்பு எறும்பாக இங்கிலீஷ். அதை விற்ற மெடிக்கல் ஷாப் முதலாளி பாய்தான் வழி செய்தார். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேமராவில் மிஷின் முகத்தைப் படம் எடுத்தார். ஒவ்வொரு கோளாறையும் தன் கையிலேயே வேண்டுமென்று வரவழைத்து எடுத்தாராம். ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டு, அடியில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, என் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினார்.

முதல் படத்தில் பேட்டரி குறி: நாலு பேட்டரியையும் ஒரே நேரத்தில் மாற்று. இரண்டாவதில் E1: பட்டை சரியில்லை; முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சுற்று, குழாய் உள்ளே செருகியிருக்கிறதா பார். மூன்றாவதில் E2: அளக்கும்போது கை ஆடிவிட்டது, சாய்ந்து உட்கார், பாதம் தரையில், கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில், ஐந்து நிமிஷம் சும்மா இரு, பிறகு பட்டனை அமுக்கு, பேசாதே.

எல்லாம் செய்தேன். பட்டை காற்று பிடித்து இறுக்கும், இறங்கும், E2. மறுபடியும் E2. காலையும் அதே, மாலையும் அதே. ஒரு நம்பர்கூட எழுத முடியவில்லை.

"மிஷின் டூப்பு பாய்" என்று கடையிலேயே சத்தம் போட்டேன்.

பாய் தன் கையில் கட்டிக் காட்டினார். ஒழுங்காக நம்பர் வந்தது. "கைய ஆட்டினீங்களா நைனா?"

"நாலு லாரி ஓட்டின கை. நான் சொன்னாதான் ஆடும்."

"பேசிக்கினு இருந்தீங்களா?"

"வீட்ல நான் ஒருத்தன். செவுத்துங்கிட்ட பேசுவனா?"

மறுநாள் சாயங்காலம் கேமராவோடு வந்தார். பட்டையை அவரே சுற்றிவிட்டு, தள்ளி நின்றார். நான் பட்டனை அமுக்கினேன். இறுக்கி, இறங்கும்போது கேமரா வெளிச்சம் அடித்தது. E2தான். பாய் மிஷினைப் பார்க்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்து வந்தார். வெயிலில் பிடித்து, மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தேன். மேஜைமேல் மிஷின், அதில் E2. பின்னால் நான். முகம் கட்டில் பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. பட்டை கட்டிய கை மேஜையை விட்டு எழும்பி, உள்ளங்கை விரிந்து, எதையோ கேட்கிற மாதிரி நின்றது. அவள் கட்டில்மேல் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"நான் இன்னா கேட்டேன் பாய்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாடில வத்தல எடுத்தாச்சா, மழ வரமாரி கீதுன்னீங்க நைனா. கொஞ்சம் நிறுத்தி, ஆங், சரின்னீங்க."

அவள் போனபிறகு அந்த மாடியில் யாரும் வத்தல் போடவில்லை.

"புள்ளைக்குச் சொல்லிடுவியா?" என்றேன்.

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? அண்ணிகிட்ட பேச வேண்டியதெல்லாம் மொதல்ல பேசிமுடிச்சிடுங்க. அப்புறம் அஞ்சு நிமிஷம் கம்முனு குந்திகினு அமுக்குங்க. மிஷினுக்கு அவ்ளோதான் வோணும்."

அப்படியே செய்தேன். முதல்தடவையாக நம்பர் வந்தது. ஒரு வாரத்துக் கணக்கோடு அரக்கோணம் போனேன். டாக்டர் தேதி கொடுத்தார். ஆபரேஷன் முடிந்தது, சென்னைப் பேச்சும் நின்றது. இப்போது ஊசியில் நூல்கூடக் கோக்கிறேன். என் வயதில் இந்தத் தெருவில் யார் கோக்கிறான்?

தெளிந்த கண்ணுக்குக் கட்டில் காலியாகத்தான் தெரிகிறது. ஆனால் இன்றும் பிரஷர் பார்க்க உட்கார்ந்தால், பட்டை இறுக்குகிற அந்த நேரம் பார்த்துத்தான் அவள் ஏதாவது கேட்கிறாள். கை ஆடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன். நம்பர் வந்து நிற்கிறது. பட்டையைக் கழற்றிவிட்டு, "இப்ப சொல்லு" என்று திரும்பினால், பதில் இல்லை.