அணைத்து வைத்த டிவி

டிப்ளமோ சர்டிபிகேட் பீரோவில் தூங்குகிறது. எனக்குச் சோறு போடுவது ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு டூல்ஸ் பை, இவற்றைச் சுமந்துகொண்டு ஏற்காட்டு வளைவுகளில் முக்கி முனகி ஏறும் பைக். சிசிடிவி மாட்டுவேன். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினுக்கு சர்வீஸும் பார்ப்பேன்.

மலைமேல் தலைச்சோலை என்ற ஊரில் ஒரு பெரியவர். களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டை திருட்டுப்போகிறது என்று போன வருடம் என்னை வைத்துக் கேமரா மாட்டிக்கொண்டார். அவர் மனைவிதான் எனக்கு ஏணி பிடித்தார். "விழுறதுன்னா கொட்ட மேல பாத்து விழு சாமி, அடிபடாது" என்று கேலி வேறு.

இந்தத் தை மாதம் அந்த அம்மா இறந்துபோனார். பங்குனியில் பெரியவர் போன் செய்து, மிஷினில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்றார்.

போனேன். ஃபில்டரில் சேறு அடைத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. புதிதாக மாற்றி, முதலில் வந்த தண்ணீரைக் கீழே விட்டேன். பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"கேமராப் பொட்டி இருக்கற ரூம பூட்டியே வெச்சிருக்கறன் கண்ணு. அவ கொட்ட கெளர்றது அதுல இருக்குமில்ல? ஒருக்கா பாக்கோணும். போட்டோவுல அவ அசைய மாட்டேங்கறா."

கதவைத் திறந்தார். டிவி அணைந்திருந்தது.

"அவ போன அன்னைக்கே அணச்சுட்டேன். மேல மேல பதிஞ்சு அவ அழிஞ்சறக் கூடாதில்ல."

டிவி வெறும் திரை. பதிவு செய்வது அதன் கீழே இருக்கும் பெட்டி. அதன் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே டிஸ்க் நிறைந்தால் அது நிற்காது, இருப்பதில் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதைப் பதியும்.

டிவியைப் போட்டுத் தேதி தேதியாகப் பின்னால் போனேன். மாசிக் கடைசியோடு நின்றுவிட்டது. அதில் பெரியவர் மட்டும் களத்தில் தனியாகக் கொட்டை கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பொறகால போ கண்ணு."

"அதுக்கு முந்தி இல்லீங்க."

"எடுக்கவே முடியாதா?"

"முடியாதுங்க. அது மேல வேற பதிஞ்சிருச்சுங்க."

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தால் போதும், அந்த அம்மா உள்ளே அப்படியே இருந்திருப்பார். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"டிவி அணஞ்சுதான கெடந்துச்சு?" என்றார்.

"பொட்டி தனியா ஓடிட்டே இருந்துச்சுங்க."

அவர் குனிந்து பெட்டியின் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தார்.

"அப்ப, நான் பூட்டி வெச்ச ரூமுக்குள்ளயே அவ தெனமும் அழிஞ்சிட்டு இருந்தாளா கண்ணு?"