அம்மா மறுத்த நாள்

புதுவாயலில் எங்கள் வீடு இருக்கும் மனையின் பத்திரம் வேறொருவர் பேரில் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாததல்ல. அப்பா அவருடைய நிலத்துக்குக் காவல் இருந்தவர். குடிசை போட்டுக்கொள்ள அவரே இடம் காட்டினார்.

அப்பா இறந்தபின், கம்பெனிக்காரர்கள் நிலம் தேடி வர, நிலக்காரர் காரில் வந்து காலி செய்யச் சொன்னார். அம்மா தெருவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"போவ மாட்டேன். பத்திரம் உங்க பேருல இருக்கட்டும். இனிமே இது எங்க எடம். வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க."

அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. திரும்பி வரவுமில்லை. நாங்கள் குடிசையைப் பிரித்து ஓட்டு வீடு கட்டினோம், தண்ணீருக்குப் போர் போட்டோம். நான் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தேன். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. நிலக்காரர் காலமானார். அவருடைய ஒரே மகன் பத்திரத்தோடு இடத்தை மீட்க வழக்குப் போட்டார்.

வரி ரசீதையும் கரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு பொன்னேரியில் வக்கீலைப் பார்த்தோம். அனுமதியோடு குடியிருந்தால் ஐம்பது வருஷமானாலும் சொந்தமாகாது என்றார் அவர். ஆனால் அம்மா மறுத்த நாளைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுமதி அன்றோடு முடிந்தது, பன்னிரண்டு வருஷக் கணக்கு அன்று தொடங்கியது, அதற்குள் வழக்குப் போடாவிட்டால் நிலக்காரரின் உரிமையே போய்விடும் என்றார். எங்கள் உரிமையை அறிவிக்கச் சொல்லி எதிர்க்கோரிக்கையும் போட்டார். ஆனால் அந்த நாளை நிரூபிக்க வேண்டியது நாங்கள்தான். அன்று கேட்டவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் திருநின்றவூர் பக்கம் எங்கோ குடிபோய்விட்டார்கள், முகவரி தெரியவில்லை. வந்து சொல்ல ஆளில்லை.

குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் அந்த நாளைப் பற்றி நிலக்காரரின் மகனிடமே கேட்டார். அவர் தன் வக்கீலைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அப்பா கூட நானும் வந்திருந்தேன். அந்தம்மா முடியாது, இது எங்க இடம்னு சொன்னாங்க. நான் காலேஜ் முடிச்ச வருஷம்."

"அதுக்கப்புறம் அப்பா கேஸ் போட்டாரா?"

"இல்ல."

அந்த வாய் வார்த்தை போதுமானதாக இருந்தது. அவர் வழக்கு தள்ளுபடியானது, எங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. அவர் மேல்முறையீடும் செய்யவில்லை.

தீர்ப்பன்று கோர்ட் வாசலில் அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் சங்கடப்பட்டு விலகினார். நடந்ததைத்தானே சொன்னேன் என்றார். தன் வக்கீல் இன்னும் தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று லேசாகச் சிரித்தார்.

"நீ நல்லா இருக்கணும் நைனா" என்றாள் அம்மா.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடம் அவருக்கே போயிருக்கும். போன மாசம் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு, மாடியில் ஓர் அறை கட்டினோம். பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போனால் அம்மா அவர் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறாள், நட்சத்திரம் தெரியாமலேயே.